ரெண்டு கஸ்டமர் ரெக்கார்டு ஒரே ஆள்தானா? தப்பா சேர்ந்தா எங்க பாக்கணும், சேராம போனா எங்க பாக்கணும்

நாலஞ்சு கிளை இருக்கற ஒரு நகைக்கடையில கஸ்டமர் டேட்டா பாக்கறது என் வேலை. பில்லிங் ஒரு சாஃப்ட்வேர், 11 மாச நகைச்சீட்டு இன்னொரு சாஃப்ட்வேர், ரெண்டுலயும் ஒரே ஆளு வேற வேற மாதிரி பதிவாகி இருப்பாங்க. ரெண்டு ரெக்கார்டைக் குடுத்தா மேட்ச், நோ மேட்ச், பாசிபிள் மேட்ச்னு மூணுல ஒண்ணு சொல்லி அதுக்கு ஆதாரமும் காட்டற ஒரு புரோகிராம் ஓடுது, அது தப்பு பண்ணும்போதெல்லாம் எனக்குத்தான் போன் வரும். திரும்பத் திரும்ப வர்ற கோளாறு எல்லாத்தையும் அறிகுறி வாரியா இங்க எழுதி வைக்கிறேன்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல பண்ண வேண்டியது ஒண்ணுதான், தப்பான ஒரே ஒரு ஜோடியை எடுத்து வச்சுக்குங்க, அந்த ரெண்டு ரெக்கார்டும் திருத்தாம அப்படியே இருக்கணும், புரோகிராம் என்ன ஆதாரம் சொல்லுச்சோ அதையும் பக்கத்துல வைங்க. இவ்ளோ ஸ்கோர் வந்தா மேட்ச்னு வச்சிருக்கற ஸ்கோர் எல்லையை ஏத்தி இறக்கற வேலையை இப்ப தொடாதீங்க, 10 தடவைல 8 தடவை பிரச்சனை அங்க இருக்கவே இருக்காது, ஆனா எல்லாரும் முதல்ல அங்கதான் கை வைக்கிறாங்க.

இன்னொண்ணு, கீழ எல்லா இடத்துலயும் வரும். நம்ம ஃபார்ம்ல வாங்கற விவரத்துல சிலது ஆளைக் காட்டும், சிலது வீட்டைக் காட்டும். சொந்தப் பேரு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பான் நம்பர், போட்டோ இதெல்லாம் ஆளைக் காட்டறது. போன் நம்பர், விலாசம், பின்கோடு, அப்பா பேரு, அதுல இருந்து வர்ற இனிஷியல் இதெல்லாம் வீட்டைக் காட்டறது, ஒரே வீட்டுல இருக்கற அஞ்சு பேருக்கும் அது பொருந்தும். இந்த ரெண்டையும் ஒரே கணக்குல கூட்டினா என்ன ஆகும்னு முதல் அறிகுறியிலயே தெரியும்.

## அறிகுறி 1: வேற வேற ஆளு ரெண்டு பேரு ஒண்ணா சேர்ந்துட்டாங்க

இதுதான் மோசமானது. ஒருத்தர் கட்டின சீட்டுப் பணம் இன்னொருத்தர் பாஸ்புக்குல தெரியும், எஸ்எம்எஸ் வேற வீட்டுக்குப் போகும். அதனால காரணம் தேடறதுக்கு முன்னாடி அந்த சேர்ந்த ஐடியில புதுசா எந்த வரவும் போடாம நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. ஒரு வரவு கூடப் போட்டாலும் அப்புறம் அது யாரோடதுன்னு பிரிக்கறது ரொம்பக் கஷ்டம்.

### போன் நம்பர் மட்டும்தான் சேர்த்து வச்சிருக்கா?

இதை முதல்ல பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. உங்க லிஸ்ட்ல ஒரு நம்பர் எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணுங்க.

```sql
SELECT phone, COUNT(*) AS n
FROM customers
GROUP BY phone
HAVING COUNT(*) > 2
ORDER BY n DESC;
```

மேல வர்ற நம்பரெல்லாம் பெரும்பாலும் 9999999999, 9876543210 மாதிரி கவுன்டர்ல அவசரத்துக்கு அடிச்சதா இருக்கும், இல்லன்னா சேல்ஸ்மேன் தன் சொந்த நம்பரையே போட்டு வச்சிருப்பார், கஸ்டமர் நம்பர் குடுக்க மாட்டேன்னு சொன்னா வேற என்ன பண்ணுவார் அவரு. இந்த நம்பர்களை ஒரு பட்டியலாப் போட்டு, கம்பேர் பண்ணும்போது காலின்னு எடுத்துக்கச் சொல்லுங்க.

அதுக்குக் கீழ மூணு பேரு நாலு பேருன்னு வர்றது குடும்பம். அம்மா, பொண்ணு, மருமக மூணு பேரும் சீட்டு கட்டுவாங்க, போன் நம்பர் வீட்டுக்காரரோடது. அங்க நம்பர் ஒத்துப் போறது நிஜம்தான், ஆனா அது வீட்டைக் காட்டுது, ஆளைக் காட்டல.

அந்த நம்பர் கை மாறியிருக்கவும் வாய்ப்பிருக்கு. யூஸ் பண்ணாம கட் ஆன நம்பரை 90 நாள் கழிச்சு கம்பெனி வேற ஆளுக்குக் குடுக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி பதிஞ்ச நம்பரும் போன மாசம் பதிஞ்ச நம்பரும் ஒத்துப்போனா, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ காலம்னு பாருங்க. அந்த இடைவெளியில எந்த பில்லும் இல்லன்னா நம்பருக்குக் குடுக்கற மதிப்பைக் குறைக்கணும்.

### பிறந்த தேதி ஜனவரி 1ஆ?

ரெண்டு ரெக்கார்டும் 01-01-1970னு இருந்தா அது ஒத்துப்போற ஆதாரமே இல்ல. பிறந்த தேதி சரியாத் தெரியாதவங்களுக்கு வருஷத்தை மட்டும் சொல்லி ஆதார் எடுத்திருப்பாங்க, அந்த வருஷத்தை எங்கயாவது தேதியா மாத்தும்போது ஜனவரி 1ன்னு விழுந்துடும். போதாததுக்கு 01-01-1970 பல சாஃப்ட்வேர்ல காலியா விட்டா தானா வர்ற தேதியும் கூட, 1900உம் அப்படித்தான். ஜனவரி 1 வந்தா வருஷம் மட்டும் தெரியும்னு எடுத்துக்கிட்டு, 1900, 1970 ரெண்டையும் சுத்தமா காலின்னு எடுத்துக்குங்க.

### ஒரே வீட்டு ஆளுங்களா?

என்னை ரொம்ப நாள் சுத்த விட்ட ஜோடி இது, பேரு விவரமெல்லாம் மாத்திப் போடறேன்.

```
A  P RANJITHA  12-08-1996  phone ..41  627811  பெண்
B  P RAJITHA   12-08-1996  phone ..41  627811  பெண்
```

இனிஷியல் ஒண்ணு, பிறந்த தேதி ஒண்ணு, போன் ஒண்ணு, தென்காசி பின்கோடு ஒண்ணு, கதவு எண் கூட ஒண்ணு. பேர்ல ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், அதை டைப்பிங் தப்புன்னு எடுத்துக்கிட்டு புரோகிராம் மேட்ச்னு சொல்லிடுச்சு, நான் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைங்க.

இதை எப்படிக் கண்டுபிடிச்சிருக்கலாம்னு அப்புறமா உக்காந்து பார்த்தேன், பேர்லயோ தேதியிலயோ வழி இல்ல, நடவடிக்கையில இருந்துச்சு. ரெண்டு சீட்டும் ஒரே நாள்ல, ஒரே கவுன்டர்ல, ஆறு நிமிஷ இடைவெளியில ஆரம்பிச்சிருக்கு. ஒரே ஆளு ரெண்டு சீட்டு போட்டா கவுன்டர்ல இருக்கறவங்க புதுசா ஒரு கஸ்டமர் ஐடி திறக்க மாட்டாங்க, இருக்கற ஐடியிலயே ரெண்டாவது சீட்டைச் சேர்ப்பாங்க. எதிர்ல ரெண்டு பேரு நின்னதாலதான் ரெண்டு ஐடி. அதுல இருந்து ஒரே நாள், ஒரே கிளை, 15 நிமிஷத்துக்குள்ள திறந்த ரெண்டு ஐடின்னா அதை எதிர் ஆதாரமா எழுதச் சொல்லிட்டேன்.

அதோட இன்னொரு விதியும் போட்டேன். பேரு அச்சு அசலா ஒத்துப் போகல, மத்த ஒத்துப்போற விவரமெல்லாம் வீட்டைக் காட்டறது, பிறந்த தேதியும் ஆணா பெண்ணாங்கறதும் மட்டும்தான் கூட நிக்குதுன்னா எவ்ளோ ஸ்கோர் வந்தாலும் பாசிபிள் மேட்ச்தான். மேட்ச்னு சொல்லணும்னா ஆணா பெண்ணாங்கறதை விட்டுட்டு ஆளைக் காட்டற ஆதாரம் குறைஞ்சது ரெண்டு முழுசா ஒத்துப் போகணும், ஆளைக் காட்டற எதுவும் முரண்படக் கூடாது.

தாத்தா பேரனும் இதே மாதிரிதான். தாத்தா பேரை பேரனுக்கு வைக்கற வீட்டுல அதே பேரு அதே விலாசத்துல ரெண்டு தடவை வரும், இனிஷியல் மட்டும் மாறும். பிறந்த தேதி காலியா இருந்தா பாசிபிள் தாண்டி போகவே விடாதீங்க.

### சங்கிலியா சேர்ந்ததா?

ஒரே ஐடிக்குள்ள நாலஞ்சு ரெக்கார்டு இருந்தா இதைச் சந்தேகப்படுங்க. முதல் ரெக்கார்டும் ரெண்டாவதும் மேட்ச், ரெண்டாவதும் மூணாவதும் மேட்ச், அதனால முதலும் மூணும் ஒரே ஆளுன்னு சேர்த்திருக்கும், ஆனா முதலையும் மூணையும் நேரா வச்சுப் பார்த்தா ஒண்ணு ஆம்பளை ஒண்ணு பொம்பளையா இருக்கும். நடுவுல இருக்கற அந்த ரெக்கார்டுதான் கலப்படம், மனைவி பேரும் கணவர் பான் நம்பரும் ஒண்ணா ஏறின ஒரு பில்லா இருக்கும். குழுவுக்குள்ள இருக்கற ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியா ஓட்டுங்க, எங்கயாவது நோ மேட்ச் வந்தா முழுக் குழுவையும் பிரிச்சுட்டு மறுபடி சேர்த்துப் பாருங்க. இதை சரி பண்ணறதுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அதனாலதான் கடைசியில வச்சேன்.

## அறிகுறி 2: ஒரே ஆளுதான்னு நமக்கே தெரியுது, புரோகிராம் நோ மேட்ச்னு சொல்லுது

### அந்த ஜோடியை கம்பேர் பண்ணுச்சா இல்லையா?

இதைப் பாக்காம மூணு நாள் வீணாக்கினவங்களை எனக்குத் தெரியும். பெரிய லிஸ்ட்ல ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணோட ஒப்பிட முடியாது, 80,000 ரெக்கார்டுன்னா 300 கோடிக்கும் மேல ஜோடி வரும். அதனால ஒரே பின்கோடு உள்ளவங்களை மட்டும், இல்லன்னா பேரோட முதல் எழுத்து ஒண்ணா இருக்கறவங்களை மட்டும்னு பிரிச்சுத்தான் ஒப்பிடுவாங்க. முதல் எழுத்துன்னு பிரிச்சா நம்ம ஊர்ல அடி வாங்கும், ஏன்னா எஸ் கவிதான்னு ஒரு இடத்துல, கவிதா எஸ்னு இன்னொரு இடத்துல, ஒண்ணு எஸ் கூட்டத்துக்குப் போயிடும் இன்னொண்ணு கே கூட்டத்துக்கு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே இல்ல.

செக் பண்ணறது சுலபம், லாக்ல அந்த ரெண்டு ஐடியும் ஒரே வரியில வருதான்னு தேடுங்க. வரலன்னா அது நோ மேட்ச் கிடையாது, ஒப்பிடவே இல்லன்னு அர்த்தம், ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதணும். ஒரே பிரிவை நம்பாம மூணு பிரிவு வைங்க, போன் கடைசி 6 எண், பிறந்த வருஷத்தோட சொந்தப் பேரு, பின்கோடோட சொந்தப் பேரு, இதுல ஏதாவது ஒண்ணுல சந்திச்சாலும் ஒப்பிடட்டும்.

### காலியை வித்தியாசம்னு எடுத்துக்குதா?

ஒண்ணுல பான் இருக்கு, இன்னொண்ணுல இல்ல. இது முரண்பாடு இல்ல, தெரியாது, அவ்ளோதான். எங்க தொழில்ல 2 லட்சம் ரூபாய்க்கு மேல வாங்கினாத்தான் பான் கட்டாயம்ங்கறதால முக்கால்வாசி ரெக்கார்டுல அது காலியாத்தான் இருக்கும். டெஸ்ட்டுக்கு ஒரு முழு ரெக்கார்டை எடுத்து அதோட நகல்ல பான், பிறந்த தேதி ரெண்டையும் அழிச்சுட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, மேட்ச்ல இருந்து பாசிபிளுக்கு இறங்கலாம், நோ மேட்ச்னு வந்தா புரோகிராம் காலியைத் தப்பா எண்ணுது.

### கண்ணுக்கு ஒண்ணா தெரியுது, கம்ப்யூட்டருக்கு வேறயா?

தமிழ்ல பேரு ஏத்தினா இது கண்டிப்பா வரும். பொன்னியில இருக்கற ஒகர எழுத்தை ஒரே குறியாவும் ஏத்தலாம், ஒத்தைக் கொம்பு தனியா கால் தனியா ரெண்டு குறியாவும் ஏத்தலாம், திரையில ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்ரீயும் அப்படி, அதை ரெண்டு விதமா எழுதலாம், உள்ள இருக்கற முதல் குறி வேற. வாட்ஸப்ல இருந்து காப்பி பண்ணினா கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் சேர்ந்து வரும்.

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
s = s.replace("\u200c", "").replace("\u200d", "")
s = s.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
              "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
```

ஔ மட்டும் இதுல முழுசா சரியாகாது. கௌரிக்கு ஒத்தைக் கொம்பு போட்டு பக்கத்துல ள எழுத்தை அடிச்சிருந்தா அது நிஜமாவே வேற எழுத்து, அதுக்குத் தனியா ஒரு பட்டியல் வச்சுத்தான் திருத்தணும்.

### இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கா?

பேரோட ஒலியை வச்சு ஒரு குறியா மாத்தி ஒப்பிடற சவுண்டெக்ஸ்னு ஒண்ணு சாஃப்ட்வேர்லயே வரும், அதை நம்பாதீங்க, அது இங்கிலீஷ் பேருக்குச் செஞ்சது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தது:

```
LAKSHMI   L250      MURUGAN    M625
LAXMI     L250      MARIKANNU  M625
LETCHUMI  L325
```

லெட்சுமியை விட்டுடுச்சு, முருகனையும் மாரிக்கண்ணுவையும் ஒரே ஆளாக்கிடுச்சு. அதுக்கு பதிலா உங்க லிஸ்ட்ல அதிகமா வர்ற பேரு 300, 400 எடுத்து அதோட ஸ்பெல்லிங் எல்லாத்தையும் கையால ஒரு பட்டியல் போடுங்க, ஒரு வாரம் ஆகும், ஆனா எந்த ஃபார்முலாவை விடவும் அது நல்லா வேலை செய்யும். ழகரத்துக்கு மூணு விதம், ஜெயா ஜயா, செல்விக்கு ரெண்டு விதம்னு வந்துட்டே இருக்கும். சுப்பிரமணியையும் சுப்பிரமணியனையும் மட்டும் ஒரே பேருன்னு போடாதீங்க, நெருக்கம்னு போடுங்க. ஒப்பிடறதுக்குத்தான் இந்தப் பட்டியல், கஸ்டமர் எழுதிக் குடுத்த பேரை அழிச்சு எழுதக் கூடாது.

### வாழ்க்கையே மாறியிருக்கா?

மேல இருக்கறதெல்லாம் சரியா இருந்தும் சேரலன்னா ஆளுக்குத்தான் ஏதோ மாறியிருக்கு. கல்யாணம், வீடு மாத்தினது, மாவட்டமே பிரிஞ்சது. ஒரு கேஸை முழுசா சொல்றேன், இதுலயும் விவரம் மாத்தினது.

```
A  S KAVITHA      03-07-1988  வேலூர் மா.  635802  phone ..62  PAN -
B  KAVITHA MOHAN  07-03-1988  திருப்பத்தூர் மா.  635802  phone ..15  PAN ***PS****K
```

பழைய புரோகிராம் இதுக்கு நோ மேட்ச்னு குடுத்துச்சு, பேரு வேற, தேதி வேற, மாவட்டம் வேற, போன் வேற. ஒவ்வொண்ணா பாருங்க. 2019ல வேலூரைப் பிரிச்சு திருப்பத்தூர், ராணிப்பேட்டைன்னு புது மாவட்டம் வந்துச்சு, 635802 ஆம்பூரோட பின்கோடு, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போச்சு, பின்கோடு அதேதான். அதனால மாவட்டம் முரண்பாடு இல்ல, ஒரே ஊர்தான். தேதியில நாளும் மாசமும் இடம் மாறியிருக்கு, ரெண்டும் 12க்குக் கீழ இருக்கறதால இது எக்செல்ல ஏத்தும்போது நடக்கற சாதாரண விஷயம், முழு ஒப்புதல்னு எண்ண வேண்டாம், பாதின்னு எண்ணுங்க. எஸ் போய் மோகன் வந்தது கல்யாணத்துல அப்பா இனிஷியல் போய் கணவர் பேரு வந்ததா இருக்கலாம்.

பான்ல ஒரு சின்ன தடயம் இருக்கு. நாலாவது எழுத்து P-ன்னா தனிநபர், அஞ்சாவது எழுத்து பான் வாங்கும்போது குடுத்த கடைசிப் பேரோட முதல் எழுத்து, கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்தினாலும் நம்பர் மாறாது. இங்க அஞ்சாவது எழுத்து எஸ், அதாவது மோகன்ங்கற பேரு சேர்றதுக்கு முன்னாடி எஸ்ல ஆரம்பிக்கற ஏதோ ஒண்ணு இருந்திருக்கு, முதல் ரெக்கார்டோட இனிஷியலும் எஸ். ஆனா நம்ம பக்கம் சொந்தப் பேரையே கடைசிப் பேரு கட்டத்துல போட்டவங்க நிறைய பேரு, அதனால இது தடயம் மட்டும்தான், தீர்ப்பு இல்ல.

இவ்ளோ இருந்தும் நான் இதை மேட்ச்னு விடல. கவிதாங்கற பேரு எங்க லிஸ்ட்ல நூத்துக்கணக்குல இருக்கு, அந்தப் பேரு ஒத்துப்போறதுக்கு மதிப்பு கம்மி, மோகன்ங்கறது அவங்க அப்பா பேராவும் இருக்கலாம். புரோகிராம் இப்ப குடுக்கற பதில் இது:

```
முடிவு   : possible
ஆதரவு   : சொந்தப் பேரு (பரவலான பேரு), பின்கோடு,
          நாள்-மாசம் இடமாற்றம், PAN 5ஆம் எழுத்து = S
எதிர்    : போன் வேற, இனிஷியல் வேற
தெரியாது : A-க்கு PAN, B-க்கு அப்பா பேரு
கேளுங்க  : அப்பா பேரு, முன்னாடி குடுத்த போன் நம்பர்
```

அடுத்த தவணை கட்ட வந்தப்ப கவுன்டர்ல கேட்டாங்க. எப்படிக் கேக்கறதுங்கறது முக்கியம், "உங்க பழைய நம்பர் 62ல முடியுமா"ன்னு கேட்டா வேற ஆளோட விவரத்தை நாமளே சொல்லிடறோம், அவங்களும் ஆமான்னு தலையாட்டிடுவாங்க. "முன்னாடி எங்ககிட்ட வேற நம்பர் குடுத்திருந்தீங்களாக்கா, எது?"ன்னுதான் கேக்கணும். அவங்களே நம்பரைச் சொன்னாங்க, அது அவங்க தம்பியோடதாம், அப்பா பேரும் எஸ்ல ஆரம்பிக்குது. அதுக்கப்புறம்தான் மேட்ச், யார் கேட்டது, எந்தத் தேதி, என்ன பதில்னு ஆதாரத்துல சேர்ந்துச்சு.

## அறிகுறி 3: எல்லாமே பாசிபிள் மேட்ச்னு குவியுது

தினமும் 400 ஜோடி வந்தா யாரும் பாக்க மாட்டாங்க, பாக்கறதா பேரு பண்ணிட்டு மேட்ச் பட்டனை அமுக்கிட்டுப் போயிடுவாங்க, அங்க இருந்து அறிகுறி 1 ஆரம்பிக்கும்.

குவியல்ல இருந்து கண்ணை மூடிக்கிட்டு 50 எடுங்க, ஒவ்வொண்ணுலயும் எந்த ஒரு விவரம் தெரிஞ்சிருந்தா முடிவு வந்திருக்கும்னு எழுதுங்க. நான் பண்ணினப்ப பாதிக்கு மேல பிறந்த தேதின்னு வந்துச்சு. அப்ப கோளாறு புரோகிராம்ல இல்ல, சீட்டு ஃபார்ம்ல அந்தக் கட்டத்தை நிரப்பாம விடறாங்க. அதை நிரப்ப வச்சதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

அப்படி இல்லாம 50லயும் ஒரே வீட்டு ஆளுங்களே வந்தா, வீட்டு விவரத்துக்கு நீங்க குடுத்திருக்கற மதிப்பு இன்னமும் தேவைக்கு மேல இருக்கு. பேரு தெளிவா வேற, ஒருத்தர் ஆணு ஒருத்தர் பெண்ணுன்னா அது பாசிபிள் இல்ல, நோ மேட்ச், கூடவே ஒரே வீடுன்னு ஒரு குறிப்பு போதும்.

அதுவும் இல்லன்னா பாக்கறவங்களைப் பாருங்க, தப்பா சொல்லல, அவங்களுக்கும் ஒரு அளவுகோல் வேணும். ஒரே 30 ஜோடியை ரெண்டு பேருக்குத் தனித்தனியா குடுங்க. ரெண்டு பேரும் அஞ்சாறு இடத்துக்கு மேல வேற வேற பதில் சொன்னா எது மேட்ச்னு இன்னும் எழுதியே வைக்கலன்னு அர்த்தம். இதுக்கெல்லாம் அப்புறம்தான் ஸ்கோர் எல்லையைத் தொடணும்.

இத்தனை நாள் தாண்டினா பாசிபிள் தானா மேட்ச் ஆயிடும்னு மட்டும் செட்டிங் வைக்காதீங்க. நாள் ஆனதால ஆதாரம் அதிகமாயிடாது.

## அறிகுறி 4: நேத்து மேட்ச், இன்னைக்கு நோ மேட்ச்

ரெண்டு ரெக்கார்டையும் இடம் மாத்திக் குடுத்து ஓட்டுங்க. பதில் மாறினா பேரு ஒப்பிடற இடத்துல கோளாறு, ஒண்ணுல இருக்கற சொல்லு இன்னொண்ணுல இருக்கான்னு ஒரு பக்கமா மட்டும் பாக்குது. மாறலன்னா நடுவுல யாரோ ரெக்கார்டைத் திருத்தியிருக்காங்க, இல்லன்னா பேர்ப் பட்டியல் மாறியிருக்கு. அதனாலதான் ஒவ்வொரு முடிவோடயும் அன்னைக்கு இருந்த ரெண்டு ரெக்கார்டோட நகலும், பட்டியலோட பதிப்பு எண்ணும் சேர்த்து வைக்கச் சொல்றேன், இல்லாட்டி ஏன் மாறுச்சுன்னு எந்தக் காலத்துலயும் சொல்ல முடியாது.

## அறிகுறி 5: ஆதாரம்னு ஒண்ணு வருது, யாருக்கும் புரியல

`score = 0.87`னு மட்டும் வந்தா அது ஆதாரம் இல்ல. கஸ்டமர் வந்து ஏன் என் சீட்டை அவங்களோட சேர்த்தீங்கன்னு கேட்டா 0.87னு சொல்ல முடியாது. மேல கவிதா கேஸ்ல போட்ட மாதிரி ஆதரவு, எதிர், தெரியாது மூணும் தனித்தனியா வரணும், எதிர் வரி காலியா இருந்தா காலின்னு காட்டணும். நிறைய புரோகிராம் ஒத்துப்போறதை மட்டும் பட்டியல் போடும், படிக்கறவங்களுக்கு எல்லாமே மேட்ச் மாதிரித்தான் தெரியும்.

ஒத்துப்போறதும் முரண்படறதும் ஒரே எடை இல்லங்கறதும் அதுல தெரியணும். மறைச்ச ஆதார் நகல்ல கடைசி 4 எண் மட்டும் தெரியும். அது ஒத்துப்போனா ஓரளவு நல்லதுதான், பெரிய லிஸ்ட்ல அதே 4 எண் பல பேருக்கு இருக்கும். வேறயா இருந்தா மட்டும் கனமான எதிர் ஆதாரம், ஏன்னா ஒருத்தருக்கு ஒரே ஆதார்தான், டைப்பிங் தப்பு இல்லன்னு நகலைப் பார்த்து உறுதி பண்ணிட்டா நோ மேட்ச்தான். பான்ல அவ்ளோ கறாரா இருக்க முடியாது, ரெண்டு பான் வச்சிருக்கறது சட்டப்படி தப்புன்னாலும் தெரியாம ரெண்டு வாங்கினவங்க இருக்காங்க, அதனால பான் வேறயா இருந்து மத்ததெல்லாம் ஒத்துப்போனா பாசிபிள்.

## எப்போ வெளியாளைக் கூப்பிடணும்

தப்பா சேர்ந்த ஐடியில ஏற்கனவே பணம் வரவு ஏறியிருந்தா நீங்களா டேட்டாபேஸ்ல கை வைக்காதீங்க, டேட்டாபேஸ் பாக்கறவரையும் அக்கவுண்டன்ட்டையும் ஒண்ணா உக்கார வைங்க, சேர்க்கறதுக்கு முன்னாடி எடுத்த பேக்கப்பை யாரும் அழிக்காம முதல்ல பத்திரப்படுத்துங்க.

ஒரே பான்ல தெளிவா வேற வேற போட்டோ, வேற வேற பேரு வந்தா அது மேட்ச்சிங் வேலையே இல்ல, மோசடியா இருக்கலாம், மேனேஜர்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் போகணும், கஸ்டமரைக் கவுன்டர்ல வச்சு விசாரிக்காதீங்க.

கஸ்டமர் தன் விவரம் தப்பா இருக்கு, திருத்துங்கன்னு எழுத்துல குடுத்தா வக்கீலைக் கேளுங்க, 2023ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல திருத்தக் கேக்கற உரிமை இருக்கு.

விதியெல்லாம் சரி பண்ணின அப்புறமும் மேட்ச்னு வந்ததுல 200 எடுத்து கையால பார்த்து ரெண்டு மூணு தப்பு நிக்குதுன்னா, அங்கதான் இதைத் தொழிலா பண்றவங்க வேணும். அவங்களை கூப்பிடும்போது கையால தீர்ப்பு எழுதின ஜோடி 500, 1000 உங்ககிட்ட இருக்கணும், இரட்டைப் பிள்ளைங்க, தாத்தா பேரன், கல்யாணம் ஆனவங்க எல்லாம் அதுல கலந்து இருக்கணும். முதல் நாளே அதைத்தான் கேப்பாங்க, இல்லன்னா அதைத் தயார் பண்றதுக்கே அவங்க ஒரு மாசம் பில் போடுவாங்க.